வாடகை வீட்டுக் கதவின் பூட்டு சிலிண்டரை மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உரிமையாளர் இரண்டு சாவி கொடுத்துவிட்டார். அது போதாதா? எதற்காக மாற்ற வேண்டும்?

அந்த இரண்டும் எத்தனையில் இரண்டு என்பதுதான் விஷயம். கடையில் வாங்கும்போது ஒரு பூட்டோடு பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து சாவிகள் வரும். உங்கள் கையில் இரண்டு இருந்தால் மீதி எங்கோ இருக்கின்றன. அவற்றிலிருந்து எடுத்த நகல்களும் இருக்கலாம். முந்தைய குடித்தனக்காரரின் மகன், சமையல் செய்து கொடுத்த அம்மா, வாடகைக்குப் பிடித்துத் தந்த தரகர், பெயின்ட் அடித்த மேஸ்திரி, கீழ்வீட்டுத் தாத்தா என்று ஒரு பட்டியலே போடலாம். இவர்களில் யாரும் கெட்டவர்களாக இருக்க வேண்டியதில்லை. சாவி அவர்கள் வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தால் போதும், யார் கைக்கு வேண்டுமானாலும் அது போகும்.

சென்னையில் எங்கள் அடுக்ககத்துக்குப் புதிதாகக் குடிவருபவர்கள் சங்கத்தில் பெயர் பதியும்போது இதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அதனால் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே எழுதி வைத்திருக்கிறேன். என் கருத்தைச் சுருக்கமாகச் சொன்னால், பூட்டை மாற்ற வேண்டாம், சிலிண்டரை மட்டும் மாற்றுங்கள், கழற்றிய பழையதைப் பத்திரமாக வைத்திருங்கள். வாடகைக்கு இருப்பவருக்கு இதைவிடத் தொந்தரவு குறைந்த வழி கிடையாது.

சிலிண்டர் என்றால் எது? பூட்டு வேறு, சிலிண்டர் வேறா?

வேறுதான். இப்போதைய அடுக்கக வாசற்கதவுகளில் பெரும்பாலும் இருப்பது மார்ட்டைஸ் பூட்டு. அதன் உடல் கதவின் பக்கவாட்டு விளிம்பில் வெட்டிய குழிக்குள் புதைந்திருக்கும். தாழை வெளியே தள்ளுவதும் உள்ளே இழுப்பதும் அந்த உடலின் வேலை. சாவி நுழைகிற பகுதி மட்டும் தனி உறுப்பு, அதுதான் சிலிண்டர். எந்தச் சாவிக்குத் திறப்பது என்று முடிவு செய்வது அது. அதை உருவி வேறொன்றைப் போட்டால் பழைய சாவிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் செல்லாக்காசாகிவிடும். பூட்டின் உடல், கைப்பிடி, கதவு எதையும் தொட வேண்டியதில்லை, புதிதாக ஒரு துளைகூடப் போட வேண்டாம்.

எங்கள் கதவில் இருப்பது அந்த வகைதானா என்று எப்படிப் பார்ப்பது?

கதவைத் திறந்து அதன் விளிம்பைப் பாருங்கள். தாழ்கள் வெளிவரும் நீளமான உலோகப் பட்டை தெரியும். சாவித் துளை எந்த உயரத்தில் இருக்கிறதோ, அதே உயரத்தில் அந்தப் பட்டையில் ஒற்றை ஸ்க்ரூ இருக்கும். பிறகு சாவி நுழையும் முகத்தைப் பாருங்கள். மேலே ஒரு வட்டமும், அதன் கீழே குறுகலாக இறங்கும் ஒரு காலும் சேர்ந்த உருவம் தெரிந்தால் அது ‘யூரோ புரொஃபைல்’ சிலிண்டர். வட்டம் 17 மில்லிமீட்டர், கால் 10 மில்லிமீட்டர் அகலம், மொத்த உயரம் 33 மில்லிமீட்டர். இந்த அளவுகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறாதவை என்பதால் ஒருவர் செய்த பூட்டில் இன்னொருவர் செய்த சிலிண்டர் பொருந்திவிடும்.

கதவின் உட்புறத்தில் பெட்டி போல ஒன்று திருகப்பட்டு, வெளியே வட்டமான சாவி முகம் மட்டும் தெரிந்தால் அது ரிம் லாக். நீண்ட தண்டும் நுனியில் சிறு கொடி போன்ற பகுதியும் உள்ள சாவி என்றால் அது பழைய லீவர் பூட்டு. இரண்டுக்கும் கீழே தனியாகப் பதில் இருக்கிறது.

உரிமையாளரிடம் கேட்க வேண்டுமா? செலவு யாருடையது?

கேளுங்கள். மறுப்பவர்கள் மிகக் குறைவு. கேட்காமல் மாற்றியதால் கிளம்பிய மனத்தாங்கல்கள்தான் சங்கத்துக்கு வந்திருக்கின்றன. முதலில் வாடகை ஒப்பந்தத்தைப் படியுங்கள். ‘பொருத்தியுள்ளவற்றில் மாற்றம் செய்யக் கூடாது’ என்ற வரி அனேகமாக எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கும். எழுத்தில் ஒரு சம்மதம் வாங்கிக்கொண்டால் அந்த வரி உங்களைத் தொந்தரவு செய்யாது. செல்பேசியில் இப்படி அனுப்பினால் போதும்: “ஐயா, வாசற்கதவின் பழைய சாவிகள் யார் யாரிடம் இருக்கின்றன என்று தெரியாததால் பூட்டின் சிலிண்டரை மட்டும் என் செலவில் மாற்றிக்கொள்கிறேன். பழைய சிலிண்டரும் சாவிகளும் என்னிடம் பத்திரமாக இருக்கும். காலி செய்யும்போது அதையே திரும்பப் பொருத்தித் தருகிறேன். சம்மதம் என்றால் ஒரு பதில் அனுப்புங்கள்.” இதில் முக்கியமானது மூன்றாவது வரி. தன் பொருள் தன்னிடமே திரும்பி வரும் என்று தெரிந்தால் உரிமையாளருக்கு மறுக்கக் காரணம் இருக்காது.

செலவைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் அட்டவணையில் கதவுகளின் குமிழ், பூட்டு ஆகியவற்றை மாற்றுவது குடியிருப்பவர் பொறுப்பில்தான் வருகிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டிருந்தால் அதன்படி நடக்கும். அதற்காக வாதாடாமல் நீங்களே வாங்கிவிடுவது நல்லது. நீங்கள் வாங்கியது உங்கள் பொருள், அடுத்த வீட்டுக்கும் உங்களோடு வரும்.

சிலிண்டரை மாற்றாமல் உள்ளே பின்களை மட்டும் மாற்றினால் மலிவு என்கிறார்களே?

அதற்கு ‘ரீகீ’ என்று பெயர். சிலிண்டருக்குள் சுழலும் ஓர் உருளையும், அதைச் சுழலவிடாமல் குறுக்கே நிற்கும் சிறு பித்தளைப் பின்களும் இருக்கும். சாதாரணமாக ஐந்து அல்லது ஆறு பின்கள், ஒவ்வொன்றும் ஒரு நீளம். சரியான சாவியின் வெட்டுகள் எல்லாப் பின்களையும் உருளையின் விளிம்போடு மட்டமாக நிறுத்தும்போது உருளை சுழலும். ரீகீ செய்பவர் உருளையை வெளியே எடுத்து, புதிய சாவியின் வெட்டுகளுக்கு ஏற்ற நீளத்தில் வேறு பின்களைப் போடுவார். கேட்க எளிது. செய்வதற்கு அளவு அளவாகப் பிரித்து வைத்த பின் பெட்டியும், உருளை வெளிவரும்போது மேலே உள்ள ஸ்பிரிங்குகள் தெறிக்காமல் பிடித்துக்கொள்ளும் தண்டும் வேண்டும்.

நம் ஊர்த் தெருமுனைச் சாவிக்காரர்கள் நகல் எடுப்பதிலும் சாவியில்லாத பூட்டைத் திறப்பதிலும் கைதேர்ந்தவர்கள். ஆனால் இந்தப் பின் பெட்டி எல்லோரிடமும் இருக்காது. இல்லாதபோது என்ன நடக்கும் என்றால், இருக்கிற பின்களையே இடம் மாற்றிப் போடுவார்கள், அரத்தால் தேய்ப்பார்கள், பொருந்தாத ஒன்றிரண்டை எடுத்தே விடுவார்கள். புதுச் சாவி அருமையாகத் திறக்கும். ஒரு பின் குறைந்த பூட்டு அதிகச் சாவிகளுக்குத் திறக்கும் என்பது வெளியே தெரியாது. ஆகவே ரீகீ செய்து வாங்கினால் காசு கொடுப்பதற்கு முன் பழைய சாவியைப் போட்டு, சற்று ஆட்டி ஆட்டித் திருப்பிப் பாருங்கள். அசைந்து கொடுத்தால் வேலை சரியில்லை.

என் கணக்கில் ரீகீ பயன்படுவது இரண்டு இடங்களில். ஒன்று, விலை உயர்ந்த சிலிண்டர், அல்லது வேறெங்கும் கிடைக்காத வடிவம். இன்னொன்று, வாசல், பின்கட்டு, மாடி என்று பல கதவுகளும் ஒரே சாவிக்குத் திறக்க வேண்டிய தனிவீடு. மற்ற இடங்களில் புதிய சிலிண்டரே மேல். அது சில நூறு ரூபாயில் தொடங்கும். பெயர் தெரிந்த நிறுவனத்தின் பித்தளைச் சிலிண்டருக்கு ஆயிரம் ரூபாய், அதற்குச் சற்று முன்பின் ஆகும்.

கடையில் போய் என்ன அளவு என்று கேட்பது?

அதிகம் பேர் சறுக்கும் இடம் இதுதான். ‘அறுபது’, ‘எழுபது’ என்று கடைக்காரர் சொல்வது முழு நீளம், மில்லிமீட்டரில். உங்களுக்குத் தேவையானது ஒன்றல்ல, இரண்டு எண்கள். சிலிண்டரின் நடுவில் ஸ்க்ரூ நுழையும் துளை இருக்கிறது. அதன் மையத்திலிருந்து வெளிமுனை வரை ஓர் அளவு, உள்முனை வரை இன்னோர் அளவு. 30/30 என்றால் முழு நீளம் 60.

ஒரு கதவை எடுத்துக்கொள்வோம். தேக்குக் கதவு, தடிமன் 38 மில்லிமீட்டர். பூட்டு நட்டநடுவில் இருக்கிறது. ஆக, மையத்திலிருந்து ஒரு பக்கத்துக்கு 19. அதன்மேல் கைப்பிடித் தகடு 9. கூட்டினால் 28. அதற்கு அடுத்த வழக்கமான அளவு 30. சிலிண்டர் தகட்டைவிட 2 மில்லிமீட்டர் வெளியே நிற்கும், அது சரியானது. இரண்டு பக்கமும் அப்படியே என்பதால் 30/30 வாங்க வேண்டும். இப்போது அதே கதவின் வெளிப்புறத்தில் அழகுக்காக 10 மில்லிமீட்டர் பலகை ஒட்டியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிப்பக்கம் 38 ஆகிறது, உள்பக்கம் 28 தான். வேண்டியது 40/30. கடையில் ‘எழுபது’ என்று மட்டும் கேட்டால் 35/35 எடுத்துக் கொடுப்பார்கள், முழு நீளமும் எழுபதுதானே! பொருத்தியபின் உள்ளே 7 மில்லிமீட்டர் துருத்தும். வெளியே தகட்டுக்குள் 3 மில்லிமீட்டர் பதுங்கி, சாவியின் தலை தகட்டில் இடித்து முழுதாக உள்ளே போகாது.

வெளிப்பக்கம் 3 மில்லிமீட்டருக்கு மேல் துருத்தவிடக் கூடாது என்பதற்கு அழகைத் தாண்டிய காரணம் இருக்கிறது. ஸ்க்ரூ துளை இருக்கும் நடுப்பகுதியில்தான் சிலிண்டர் மிக மெலிந்திருக்கும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பிளையர் போன்ற ஒன்றால் கவ்வி அந்த இடத்தில் உடைத்துவிடலாம். தகட்டோடு ஒட்டி இருந்தால் கவ்வுவதற்குப் பிடி கிடைக்காது.

உள்பக்கமும் சாவித் துளை இருப்பதை வாங்கலாமா, குமிழ் வைத்ததை வாங்கலாமா?

நான் குமிழ் பக்கம். இரவில் கேஸ் வாடை அடித்தாலோ மின்கசிவில் புகை வந்தாலோ இருட்டில் சாவியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. குமிழைத் திருப்பினால் கதவு திறக்கும். இருபுறச் சாவி உள்ள சாதாரணச் சிலிண்டரில் இன்னொரு சிக்கலும் உண்டு. உள்ளே யாராவது சாவியைத் துளையிலேயே விட்டுவிட்டுத் தூங்கிவிட்டால் வெளியிலிருந்து உங்கள் சாவி வேலை செய்யாது. வயதானவர்கள் பகலில் தனியாக இருக்கும் வீடுகளில் இது சாதாரணமாக நடக்கிறது. இருபுறமும் சாவி வேண்டும் என்பவர்கள், உள்ளே சாவி இருந்தாலும் வெளியே திறக்கிற வகை இருக்கிறதா என்று கடையில் கேட்டு வாங்கலாம். கொஞ்சம் விலை கூடும்.

குமிழ் வேண்டாத இடம் ஒன்றே ஒன்று. கதவில் கண்ணாடி இருந்தாலோ, பக்கத்திலேயே ஜன்னல் இருந்து வெளியிலிருந்து கையை விட்டால் குமிழ் எட்டும் என்றாலோ, இருபுறச் சாவியே போடுங்கள். உள்சாவியை ஜன்னலிலிருந்து எட்டாத, ஆனால் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஓர் ஆணியில் மாட்டி வையுங்கள்.

ஆசாரியைக் கூப்பிடாமல் நானே மாற்ற முடியுமா?

ஸ்டார் முனையுள்ள ஒரு திருப்புளி இருந்தால் போதும், கால்மணி நேரம்கூட ஆகாது. வேலை முடியும்வரை கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க அடியில் ஒரு ரப்பர் செருப்பைச் செருகிவிடுங்கள். தாழ்கள் உள்ளே இழுத்த நிலையில் இருக்கட்டும். கதவின் விளிம்பில், சாவித் துளைக்கு நேரே உள்ள அந்த ஒற்றை ஸ்க்ரூவை முழுவதும் கழற்றி எடுங்கள். அது எதிர்பார்ப்பதைவிட நீளமாக இருக்கும். பட்டையின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் உள்ள ஸ்க்ரூக்கள் பூட்டின் உடலைப் பிடித்திருப்பவை, அவற்றைத் தொட வேண்டாம்.

இனி சாவியைப் போட்டு மெல்லத் திருப்புங்கள், கடிகார முள் ஐந்து நிமிடம் நகரும் அளவுக்குக்கூட வேண்டியிருக்காது. சிலிண்டரின் நடுவில், தாழைத் தள்ளுவதற்கென்று ஓர் உலோகத் துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதைக் கேம் என்பார்கள். சாவியைச் சரியான கோணத்துக்குக் கொண்டுவரும்போது கேம் சிலிண்டரின் காலுக்குள் மறைந்துகொள்ளும். அந்த நொடியில் சாவியைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் வழுக்கிக்கொண்டு கையோடு வரும். புதியதையும் அப்படியே, கேமை மறைத்தபடி நுழையுங்கள். ஸ்க்ரூவை முதலில் விரலால் சுற்றுங்கள். விரலுக்குச் சுலபமாகச் சுற்றினால் சிலிண்டர் சரியான இடத்தில் நிற்கிறது என்று பொருள். கடைசியில் மட்டும் திருப்புளியால் இறுக்குங்கள், அளவோடு.

கதவைச் சாத்தாதீர்கள், இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. திறந்த கதவிலேயே வெளிப்பக்கமிருந்தும் உள்பக்கமிருந்தும் தாழை முழுவதும் வெளியே தள்ளி, திரும்ப உள்ளே இழுங்கள். புதுச் சாவிகள் ஒவ்வொன்றாலும் இதைச் செய்து பாருங்கள். ஐந்தில் ஒன்று வெட்டு சரியில்லாமல் வருவது உண்டு, அது தெரிய வேண்டிய நேரம் இது. எல்லாம் சரியென்றால், வீட்டுக்குள் ஓர் ஆளை நிறுத்திவிட்டு முதல்முறை சாத்திப் பூட்டுங்கள்.

ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டேன். சிலிண்டர் அசைகிறது, வெளியே வர மறுக்கிறது. சுத்தியலால் தட்டலாமா?

தட்ட வேண்டாம், பூட்டின் உடல் நெளிந்துவிடும். அசைகிறது ஆனால் வரவில்லை என்றால் கேம் இன்னும் மறையவில்லை. சாவியைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, இடப்பக்கம் இம்மி இம்மியாகத் திருப்பியபடி இழுத்துப் பாருங்கள், பிறகு வலப்பக்கம். அது மறையும் கோணம் சாவி நேராக நிற்கும் இடத்தில் இல்லை, சற்றுத் தள்ளித்தான் இருக்கும். உள்ளே குமிழ் இருந்தால் அதைத் திருப்பியும் இதைச் செய்யலாம். அசையவே இல்லையென்றால் கைப்பிடித் தகட்டோடு சேர்ந்து வார்னிஷ் பூசியிருப்பார்கள். சிலிண்டரைச் சுற்றி பிளேடு நுனியால் கீறிவிட்டால் இளகும்.

சாவியே இல்லாத, அல்லது உள்ளே சாவி உடைந்த சிலிண்டர் என்றால் அனுபவமுள்ள ஒருவரை அழைப்பதைத் தவிர வேறு வழியில்லை. கேமைத் திருப்ப முடியாவிட்டால் அதை உடைத்தோ துளைத்தோதான் எடுக்க வேண்டும். அப்போது பழையதைத் திருப்பித் தருகிறேன் என்று உரிமையாளருக்குச் சொன்னது நடக்காது, முன்பே சொல்லிவிடுங்கள்.

புதியதைப் போட்ட பிறகு சாவி இறுக்கமாகச் சுற்றுகிறது. சிலிண்டர் மோசமா?

கதவைத் திறந்து வைத்துச் சுற்றிப் பாருங்கள். திறந்திருக்கும்போதும் இறுக்கம் என்றால் ஸ்க்ரூவை அதிகமாக முறுக்கியிருப்பீர்கள். அரைச் சுற்று தளர்த்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். திறந்திருக்கும்போது வெண்ணெய் போலச் சுற்றி, சாத்தினால் மட்டும் அடம்பிடித்தால் சிலிண்டர்மீது குற்றமில்லை. நிலையில் பதித்த தகட்டின் துளைக்கு நேரே தாழ் வரவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் மரக்கதவு ஊதும்போது எல்லா வீட்டிலும் இது நடக்கும். தாழின் நுனியில் சாக்பீஸ் தடவிச் சாத்தி, பூட்ட முயன்றுவிட்டுத் திறந்தால், தகட்டில் எங்கே இடிக்கிறது என்று வெள்ளையாகத் தெரியும். அந்த இடத்தை அரத்தால் லேசாகத் தேய்த்தால் போதும்.

எப்படியானாலும் தேங்காய் எண்ணெய் ஊற்றாதீர்கள். முதல் வாரம் சுகமாக இருக்கும். பிறகு தூசியைச் சேர்த்துப் பிசினாகி, பின்கள் ஸ்பிரிங்கோடு ஏறி இறங்காமல் ஒட்டிக்கொள்ளும். கிராஃபைட் தூள் வாங்கிப் போடுங்கள். கிடைக்கவில்லையென்றால் பென்சிலைச் சாவியின் வெட்டுகளில் நன்றாகத் தேய்த்துச் சிலமுறை நுழைத்து எடுங்கள்.

எங்கள் கதவில் இருப்பது ரிம் லாக். இதற்கு என்ன செய்வது?

வெளியே தெரியும் வட்டச் சிலிண்டர் கதவைத் துளைத்துக்கொண்டு உள்ளே வந்து, ஒரு பட்டையான தண்டினால் உள்பெட்டியை இயக்குகிறது. சில மாதிரிகளில் அந்தச் சிலிண்டர் மட்டும் தனியாகக் கிடைக்கும். ஆனால் உள்பெட்டியிலும் சாவித் துளை இருந்தால் வெளியே ஒரு சாவி, உள்ளே ஒரு சாவி என்று ஆகிவிடும். ஆகையால் பழைய பெட்டியைப் படம் எடுத்துக்கொண்டு போய், அதே நிறுவனத்தின் அதே மாதிரிப் பூட்டை முழுதாக வாங்குவது உத்தமம். பழைய துளைகளிலேயே உட்காரும். வேறு மாதிரி வாங்கினால் கதவில் புதுத் துளைகள் விழும், பிறகு அது முன்பணத்தில் கழியும்.

பழைய வீடு, நீளமான சாவி. சிலிண்டரே இல்லை. விட்டுவிடுவதா?

லீவர் பூட்டில் அடுக்கி வைத்த தகடுகள்தான் சாவியை அடையாளம் காண்கின்றன. பழைய கைக்காரர்கள் அந்தத் தகடுகளின் வரிசையை மாற்றி, அதற்கேற்பப் புதுச் சாவி வெட்டித் தருவார்கள். பழைய சாவி அதன்பின் திறக்காது. அப்படி ஒருவர் உங்கள் பக்கத்தில் இல்லையென்றால் பூட்டின் உடலையே மாற்ற வேண்டும். அது ஆசாரி வேலை, உரிமையாளரும் சம்மதிக்க வேண்டும்.

அதுவரைக்கும் எளிய வழி, வெளிக் கிரில் கேட்டுக்கோ நாதாங்கிக்கோ சொந்தமாக ஒரு தொங்கு பூட்டு. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டும் லீவர் வகைதான். நல்லதாக ஒன்று வாங்கினால் பல குடித்தனங்கள் பார்க்கும். ஆனால் தொங்கு பூட்டு நீங்கள் வெளியே போகும்போதுதான் காவல். இரவில் உள்ளே தூங்கும்போது தாழ்ப்பாளைப் போட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தாழ்ப்பாளை எந்தச் சாவியாலும் வெளியிலிருந்து திறக்க முடியாது.

புத்தம்புது அடுக்ககம், முதல் குடித்தனமே நாங்கள்தான். எங்களுக்குமா?

உங்களுக்குத்தான் அதிகம். கட்டி முடித்த பிறகு தச்சர், மின்பணியாளர், மாடுலர் சமையலறை போட்டவர், சுத்தம் செய்தவர்கள், வீட்டைக் காட்ட வந்த விற்பனையாளர் என்று அந்தச் சாவி கைமாறியிருக்கும். சில பூட்டுகளில் இதற்கென்றே கட்டுமானச் சாவி என்று ஒன்று தருகிறார்கள். உரிமையாளருக்கான உறையைப் பிரித்து அதிலுள்ள சாவியை முதன்முறை போட்டுத் திருப்பியதும் கட்டுமானச் சாவி செயலிழந்துவிடும். உங்கள் பூட்டு அந்த வகை என்றால் உரிமையாளரிடம் உறை பிரிக்கப்படாமல் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் செலவே இல்லை. ஏற்கெனவே பிரித்துவிட்டார் என்றால் அந்தச் சாவிகளின் நகல்களைப் பற்றி முதல் கேள்வியில் சொன்னதுதான்.

மாற்றிய பிறகு உரிமையாளர் ஒரு சாவி கேட்கிறார். கொடுத்தால் மாற்றியதற்கு அர்த்தம் என்ன?

பத்துப் பேரிடம் இருந்த சாவி ஒருவரிடம் இருப்பதாக மாறியதே பெரிய வித்தியாசம். அவர் பெயரும் முகவரியும் உங்களுக்குத் தெரியும். நீங்கள் ஊரில் இல்லாதபோது குழாய் உடைந்து கீழ்வீட்டுக் கூரையில் தண்ணீர் இறங்கினால், கதவை உடைக்காமல் திறக்க யாரிடமாவது ஒரு சாவி இருப்பது உங்களுக்கே நல்லது. சாவியை உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய மடிப்பின் குறுக்கே தேதியோடு கையெழுத்திட்டு, அதன்மேல் ஒளிபுகும் டேப்பை ஒட்டிக் கொடுங்கள். ‘அவசரத்துக்குத் திறந்தால் உடனே தெரிவிக்கவும்’ என்று மேலே எழுதுங்கள். எப்போதாவது சந்திக்கும்போது உறையைக் காட்டச் சொல்லலாம், யாரும் தவறாக நினைப்பதில்லை.

சாவி கையில் இருப்பதாலேயே நினைத்தபோது உள்ளே வரலாம் என்று ஆகாது. மேலே சொன்ன 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி, உரிமையாளர் பழுது பார்க்கவோ வீட்டைப் பார்வையிடவோ வருவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். கொடுக்க விருப்பமே இல்லையென்றால், உள்ளூரில் இருக்கும் உங்கள் உறவினர் ஒருவரிடம் சாவி இருப்பதாகச் சொல்லி அவர் எண்ணைக் கொடுங்கள். பல உரிமையாளர்களுக்கு அது போதும்.

டிஜிட்டல் பூட்டு போட்டுவிட்டால் இந்தத் தலைவலியே இல்லையே?

வாடகை வீட்டுக் கதவில் புதிதாகத் துளையிட வேண்டியிருக்கும், முதல் தடை அது. இரண்டாவது, பேட்டரி தீர்ந்தால் திறப்பதற்கென்று அவற்றில் பெரும்பாலானவற்றில் சாதாரணச் சாவியும் ஒரு சிலிண்டரும் இருக்கின்றன. முந்தைய குடித்தனக்காரர் விட்டுப்போன டிஜிட்டல் பூட்டோடு வீடு கிடைத்தால், எண்களையும் கைரேகைகளையும் அழிப்பதோடு அந்தச் சாவி எங்கே என்றும் கேளுங்கள்.

மாற்றி ஆறு மாதம் ஆகிறது. வேலைக்கு வரும் அம்மாவிடம் கொடுத்த சாவி தொலைந்துவிட்டது. மறுபடியும் செலவா?

எங்கே தொலைந்தது என்பதைப் பொறுத்தது. பஸ்ஸில் வெறும் சாவியாக விழுந்திருந்தால், எந்த வீட்டுச் சாவி என்று எடுத்தவருக்குத் தெரிய வழியில்லை. கதவு எண் எழுதிய வளையத்தோடு, அல்லது முகவரி உள்ள பர்ஸோடு போயிருந்தால் அன்றே மாற்றுங்கள். பழைய சிலிண்டரைப் பத்திரமாக வைக்கச் சொன்னது இதற்கும் உதவும். கடை திறக்கும்வரை ஓர் இரவுக்கு அதைத் திரும்பப் பொருத்திக்கொள்ளலாம். புதுச் சாவி வைத்திருப்பவருக்கு அது திறக்காது, பழைய சாவி வைத்திருப்பவர்கள் அன்று வரப்போகிறார்கள் என்பதற்கும் வாய்ப்புக் குறைவு. தொலைந்தது நல்ல விலையுள்ள சிலிண்டரின் சாவி என்றால் அதை ரீகீ செய்யக் கொடுத்து, அந்தப் பதிலில் சொன்னபடி சோதித்து வாங்குங்கள்.

சாவிகளோடு வரும் சிறு தகட்டிலோ அட்டையிலோ ஓர் எண் பொறித்திருக்கும். சில நிறுவனங்களின் சாவியை அந்த எண்ணைக் கொண்டே வெட்டிவிட முடியும். அதைச் சாவி வளையத்தில் மாட்டி ஊர் சுற்றாதீர்கள். ‘புது வீடு’ என்று சாவியைப் படம் எடுத்துப் போடுவதையும் தவிர்த்துவிடுங்கள். வெட்டுகள் தெளிவாகத் தெரியும் படத்திலிருந்து நகல் செய்வது தெரிந்தவருக்குப் பெரிய வேலையல்ல.

காலி செய்யும்போது என்ன செய்வது?

சாமான்கள் எல்லாம் இறங்கிய பிறகு, வீட்டை ஒப்படைக்கும் நேரத்தில் பழைய சிலிண்டரைத் திரும்பப் பொருத்துங்கள், முந்தின நாள் வேண்டாம். உரிமையாளர் எதிரிலேயே பழைய சாவிகளால் திறந்து பூட்டிக் காட்டி, எத்தனை சாவி திருப்பிக் கொடுத்தீர்கள் என்று ஒப்படைப்புத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். உறையில் கொடுத்த சாவியையும் அப்போது திரும்பப் பெறுங்கள். உங்கள் சிலிண்டர் அடுத்த வீட்டில் பொருந்துமா என்பதை அங்கே முன்பணம் கொடுக்கப் போகும்போதே பார்த்துவிடலாம். ஒரு ஸ்கேலை எடுத்துப் போய்க் கதவின் தடிமனையும் தகட்டையும் அளந்து, அளவுக் கேள்வியில் போட்ட கணக்கைப் போட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். புதிய உரிமையாளரிடம் சம்மதம் கேட்கும் செய்தியையும் அன்றே அனுப்பிவிடுங்கள்.